ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

கடந்த மாதம் எமது மாவட்டக் காரியாலயத்துக்கு ஒரு தாயார் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்து மடித்து ஓரம் கிழிந்த கடதாசிகள். "தம்பி, எனக்கு ஒரே பேருதான். ஆனா கடதாசியில மூனு பேரு இருக்காம். மொத தோட்டத்துக் காசு உன்னுது இல்லேங்கிறாங்க" என்றார்.

அவருடைய பெயர் முத்துலெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரும் விபரங்களும் இங்கே வேண்டாம். தகப்பன் பெயர் கணபதி. 1983இல், 18 வயதில், பிறந்த தோட்டத்திலேயே பேர் பதிந்தார். அப்போது அவரிடம் தேசிய அடையாள அட்டை இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கான கடதாசியில் அவர் பெயர் K. Letchimi என்று எழுதப்பட்டது. சில வருடங்கள் கழித்துக் கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போனார். அங்கே கணவர் சிவலிங்கத்தின் முதலெழுத்தோடு S. Muthulaxmi என்று செக்ரோலில் ஏறினார். புதிய தொழில்தருநர் என்பதால் சேமலாப நிதியில் அங்கத்துவ இலக்கமும் புதிது. பிற்பாடு அடையாள அட்டை கிடைத்து, அதைக் காட்டி வங்கிக் கணக்குத் திறந்தபோது அந்தப் புத்தகத்தில் G. Muthuletchumi என்று பதிந்தார்கள்.

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அவரை ஒருபோதும் பார்த்திராத ஓர் உத்தியோகத்தர் முன்னால் வையுங்கள். K ஒருத்தி, S ஒருத்தி, G ஒருத்தி. Letchimi, Muthulaxmi, Muthuletchumi. மூன்று பெண்கள் என்றுதான் அவர் நினைப்பார். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. அவர் முன்னால் இருப்பது ஆள் அல்ல, எழுத்து.

சேமலாப நிதிக்கு மாதாமாதம் எமது சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். தொழில்தருநர் 12 வீதம் போடுகிறார். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டு நின்று அதை எடுக்கலாம். வாழ்நாள் உழைப்பில் மிஞ்சுவது அதுதான். அந்தக் காசு ஓர் ஆங்கில எழுத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே இந்த இதழின் தலையங்கத்தைப் பெயர்ப் பட்டியலுக்கே ஒதுக்குகிறோம். தோட்டத்தில் பட்டியல் எழுதும் தலைவர்களும், அதைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் எமது பிள்ளைகளும் இதை வாசிக்க வேண்டும்.

முதலில், இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

தமிழில் 'க' என்று ஒரே எழுத்துத்தான். கந்தசாமி என்று சொல்லும்போதும் கணேசன் என்று சொல்லும்போதும் அதையே எழுதுகிறோம். வாயில் வரும் ஓசையோ வேறு. ஆங்கிலத்தில் முன்னதற்கு K, பின்னதற்கு G. 'ப'வும் அப்படியே. பழனியாண்டிக்கு P, பாலகிருஷ்ணனுக்கு B. 'ச'வை S என்றும் எழுதுகிறார்கள், CH என்றும் எழுதுகிறார்கள். மறுபுறம் ழ, ள, ல மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே L தான். தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து ஆங்கில எழுத்தைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. அந்தக் குடும்பம் எப்படிச் சொல்கிறது, முன்பு எப்படி எழுதியது என்று தெரிய வேண்டும்.

முதலெழுத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். எமது பட்டியல்களில் பாதிப் பெயர்கள் "க. முத்துலெட்சுமி" என்றுதான் கிடக்கின்றன. இந்த 'க' கணபதியா, கந்தையாவா, கோபால் என்பதன் 'கோ'வை யாரோ சுருக்கி எழுதியதா? தகப்பன் பெயர் முழுதாகத் தெரியாமல் அந்த ஒற்றை எழுத்தை K என்றோ G என்றோ எழுதுவது திருவுளச் சீட்டுப் போடுவது போலத்தான். முத்துலெட்சுமியின் முதல் தோட்டத்தில் நடந்தது அதுதான். தமிழ்ப் பட்டியலில் 'க' இருந்திருக்கிறது. எழுதியவர் K போட்டுவிட்டார்.

மூன்றாவது காரணம் சிங்களம் வழியாக வருவது. தோட்டப்புறத்தில் பிறந்த பலரின் பிறப்புப் பதிவு சிங்களத்தில் செய்யப்பட்டது. பழைய அடையாள அட்டைகள் சிங்களத்திலேயே இருந்தன. நாம் சொன்னதைப் பதிவாளர் தம் காதுக்குக் கேட்டபடி சிங்களத்தில் எழுதினார். பின்னர் ஒருவர் அந்தச் சிங்களத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார். லெட்சுமி என்று நாம் சொல்வது ஒரு கையில் Lakshmi ஆகும், இன்னொரு கையில் Laxmi ஆகும். தமிழிலிருந்து நேரே எழுதியவர் Letchumi என்பார். மூன்று பேரும் பிழையாகக் கேட்கவில்லை. மூன்று பேரும் வெவ்வேறு வழியால் வந்தார்கள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் படித்த பிள்ளைகள் சிலர், "அப்படியென்றால் ஒரு விதி போட்டு எல்லாப் பெயரையும் ஒரே மாதிரி மாற்றிவிடலாமே" என்பார்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றும் முறைகள் இருக்கத்தான் செய்கின்றன. நூலகங்களிலும் ஆராய்ச்சி நூல்களிலும் பயன்படும் ஒரு முறையில் 'ச' எப்போதும் c, 'த' எப்போதும் t. அதன்படி எழுதினால் சந்திரன் என்ற பெயர் Cantiran ஆகிவிடும். நூல் தேடுவதற்கு அது நல்ல முறை. ஆனால் வங்கிப் புத்தகத்தில் Chandran என்று இருக்கும் ஒரு தொழிலாளியை Cantiran என்று படிவத்தில் எழுதினால், அவருக்கு நான்காவது பெயர் ஒன்றைச் சூட்டியதாகத்தான் முடியும்.

இந்தப் பாடத்தை எமது காரியாலயமே பட்டுத்தான் படித்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு முறை வங்கிக்கு அனுப்ப ஒரு டிவிசனின் பட்டியலைத் தயாரித்தோம். கணினியில் இருந்த தம்பி நல்ல கெட்டிக்காரர், சுத்தமாக வேலை செய்பவர். பட்டியலில் Letchumy, Letchumi, Letchimi என்று பல விதமாக இருப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. Ctrl+H அழுத்தி எல்லாவற்றையும் ஒரே Letchumi ஆக மாற்றினார். பார்ப்பதற்குப் பட்டியல் அழகாக இருந்தது. வங்கியோ அந்தப் பெயர்களைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பெண்களின் புத்தகங்களில் இருந்தது அவரவர் எழுத்து. நாம் அனுப்பியது எமது எழுத்து.

அன்று விளங்கிக்கொண்டதைத்தான் இந்தத் தலையங்கம் சொல்ல வருகிறது. ஒரே சீராக இருக்க வேண்டியது ஓர் ஆளின் பெயர், அவருடைய எல்லாக் கடதாசிகளிலும். பட்டியலில் உள்ள எல்லா லெட்சுமிகளும் ஒரே சீராக இருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு லெட்சுமிகளில் ஒருவர் Letchumy, மற்றவர் Laxmi என்று எழுதுவாரானால், பட்டியலிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதுதான் சரியான பட்டியல்.

ஆகவே ஆங்கில எழுத்தை நாம் உண்டாக்குவதில்லை. இருக்கும் ஆவணத்தைப் பார்த்து இறக்கி எழுதுகிறோம். வேலையின் ஒழுங்கை இனிப் பார்ப்போம்.

விரிதாளில் ஓர் ஆளுக்கு ஒரு நிரை. நிரல்கள் இப்படி இருக்கட்டும்: A வரிசை எண், B அடையாள அட்டை இலக்கம், C தமிழ்ப் பெயர், D தகப்பன் பெயர் முழுதாகத் தமிழில், E ஆங்கில எழுத்தில் பெயர், F அந்த எழுத்தை எந்த ஆவணத்தில் பார்த்தோம், G தோட்டச் செக்ரோலில் உள்ள எழுத்து, H சேமலாப நிதியில் உள்ள எழுத்து. திருமணமான பெண்களுக்குக் கணவர் பெயருக்கு ஒரு நிரல் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தகப்பன் பெயரும் கணவர் பெயரும் ஒரே நிரலில் கலந்தால் முதலெழுத்துக் குழப்பம் மறுபடி தலைதூக்கும்.

இவற்றில் F நிரல்தான் உயிர்நாடி. 'வங்கிப் புத்தகம்', 'கடவுச்சீட்டு', 'அடையாள அட்டை' என்று ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். F வெறுமையாக இருந்தால் E இல் உள்ளது யாரோ ஒருவரின் ஊகம் என்று பொருள். அந்த நிரையைப் படிவத்துக்கு எடுக்கக் கூடாது.

ஆவணத்தைப் பார்க்கும்போது இந்த வரிசையைப் பின்பற்றலாம். அடையாள அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் இருந்தால் அதுவே முதல். இல்லையென்றால் கடவுச்சீட்டு. அதுவும் இல்லையென்றால் வங்கிப் புத்தகம். செக்ரோலில் உள்ளதைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் காதால் கேட்டு எழுதியது. தொழிலாளியிடம் போய் "உங்கள் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயால் சொன்னதை எழுதிவிட்டு வராதீர்கள். கடதாசியைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணால் பார்த்து, எழுத்து எழுத்தாக இறக்குங்கள். Muthu Letchumi என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால் இடைவெளியோடு எழுதுங்கள்.

எந்த ஆவணத்திலும் ஆங்கில எழுத்து இல்லாதவர்களும் இருப்பார்கள். பிள்ளைகள், முதன்முறை கணக்குத் திறக்கும் இளையவர்கள். அவர்களுக்கு மட்டுமே விதி தேவை. அங்கேயும் முதலில் தகப்பனின் கடதாசியைப் பாருங்கள். தகப்பன் Letchumanan என்று எழுதுபவராக இருந்தால் மகனின் படிவத்தில் தகப்பன் பெயரை Latchumanan என்று எழுதக் கூடாது. அதன் பிறகு மிஞ்சும் பெயர்களுக்குச் சிறிய விதிகள் போதும். 'த' என்றால் th: Thangavelu. உயிரெழுத்துக்களுக்கு நடுவில் வரும் 'ட' என்றால் d: Vadivel. இரட்டித்தால் tt: Kittamma. 'ச' என்றால் s: Santhanam. 'ஞ்ச' என்றால் nj: Anjalai. க, ப இரண்டுக்கும் வீட்டில் அழைக்கும் ஓசைப்படி. இகரத்தில் முடியும் பெயருக்கு i போடுவதா y போடுவதா என்பதைக் குடும்பத்தோடு பேசி ஒன்றை வைத்துக்கொண்டு, பிறகு மாற்றாமல் இருக்க வேண்டும். எழுதியதை வீட்டாரிடம் காட்டி அவர்கள் சரி என்ற பின், F நிரலில் 'குடும்பம் ஒப்புக்கொண்டது' என்று திகதியோடு குறியுங்கள்.

இனி, கணினியில் உட்காரும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய சில விடயங்கள்.

அடையாள அட்டை இலக்க நிரலைத் தட்டச்சுச் செய்வதற்கு முன்பே Text ஆக மாற்றுங்கள். இல்லாவிட்டால் 12 இலக்கப் புதிய எண்ணை எக்செல் 1.97E+11 என்பது போலச் சுருக்கிக் காட்டும். வங்கிக் கணக்கு இலக்கமும் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கமும் சுழியில் தொடங்கினால், முன்னால் உள்ள சுழியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

அடுத்தது, நாம் எழுதத் தொடங்கியதை எக்செல் தானாகவே முடித்துவைக்கும் வழக்கம். மேலே Rajamani என்று ஒருவர் இருக்க, கீழே Raja என்ற இன்னொருவரைத் தட்டி Enter அழுத்தினால், அவரும் Rajamani ஆகிவிடுவார். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. File, Options, Advanced என்று போய் Enable AutoComplete for cell values என்பதில் உள்ள சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

பழைய பட்டியல்களில் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை. எழுத்துருவை மாற்றியதும் முத்துலட்சுமி என்ற பெயர் Kj;Jyl;Rkp என்று தெரியும். அது ஆங்கிலமும் அல்ல, பழுதடைந்த கோப்பும் அல்ல. பாமினியை மறுபடி தெரிவு செய்தால் தமிழ் திரும்ப வரும். ஆனால் பாமினிப் பட்டியலையும் யூனிகோட் பட்டியலையும் கணினி ஒப்பிடும்போது ஒரே பெயரை இரண்டு பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே எல்லாவற்றையும் முதலில் யூனிகோட்டுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வாசித்துப் பார்த்த பின் அடுத்த வேலைக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது வரிசைப்படுத்தும்போது நடக்கும் பிழை. பெயர் நிரலை மட்டும் தெரிவு செய்து அகர வரிசைப்படுத்தினால், பெயர்கள் நகரும், அடையாள அட்டை இலக்கங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் அடுத்தவரின் இலக்கம் போய்ச் சேரும். எழுத்துப் பிழை ஒன்றும் இருக்காது. பட்டியல் முழுவதும் பிழையாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருடத்துக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் காட்டுகின்றன. பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். ஆகவே அந்த மூன்று இலக்கம் 500க்கு மேல் என்றால் அட்டைக்கு உரியவர் பெண். வெறுமையான ஒரு நிரலில் இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள்:

```
=IF(VALUE(MID(B2,LEN(B2)-7,3))>500,"பெண்","ஆண்")
```

எழுத்தோடு முடியும் பழைய இலக்கத்துக்கும் 12 இலக்கப் புதிய இலக்கத்துக்கும் இது சரியாக வேலை செய்யும். பழைய இலக்கத்தின் கடைசி V அல்லது X எழுத்தை விட்டுவிட்டால் மட்டும் விடை பிழைக்கும். இப்போது பட்டியலை மேலிருந்து கீழே பாருங்கள். மாரியாயிக்கு 'ஆண்' என்றும் பெருமாளுக்கு 'பெண்' என்றும் அங்கங்கே வந்தால், பெயரும் இலக்கமும் கலைந்துவிட்டன. சேமிக்காமல் மூடிவிட்டு, பழைய பிரதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஓர் இடத்தில் மட்டும் வந்தால், பெரும்பாலும் புருசன் பெண்சாதி அட்டைகள் இரண்டும் மாறியிருக்கும்.

இதன் பிறகு எழுத்து வித்தியாசத்தைப் பிடிப்பது சுலபம். E இல் உள்ளதும் சேமலாப நிதியில் உள்ளதும் ஒன்றா என்று இந்தச் சூத்திரம் சொல்லும்:

```
=IF(TRIM(E2)=TRIM(H2),"","பார்")
```

முன்னும் பின்னும் தெரியாமல் விழுந்த இடைவெளிகளை TRIM கழித்துவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை இந்த ஒப்பீடு பொருட்படுத்தாது. 'பார்' என்று வந்த நிரைகள்தான் எமது உண்மையான வேலை. அங்கே E ஐயோ H ஐயோ மாற்றி 'பார்' என்பதை மறையச் செய்வது வேலை அல்ல, வேலையைக் கெடுப்பது. இரண்டு எழுத்தும் உண்மை. இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

ஒரே ஆள் ஒரு பட்டியலில் பழைய இலக்கத்தோடும் இன்னொன்றில் புதிய இலக்கத்தோடும் இருந்தால், பழையதைப் புதிய வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடலாம்:

```
="19"&LEFT(B2,5)&"0"&MID(B2,6,4)
```

இது ஆளை அடையாளம் காண்பதற்கு மட்டும். படிவத்தில் எழுத வேண்டியது கையில் உள்ள அட்டையில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தையே.

முத்துலெட்சுமி அம்மாவின் விடயத்துக்கு வருவோம். அவரை ஒரு நிரையில் வைத்தோம். E இல் G. Muthuletchumi, F இல் 'வங்கிப் புத்தகம்'. G இல் இரண்டாம் தோட்டத்தின் S. Muthulaxmi. H இல் முதல் தோட்டத்தின் K. Letchimi. D இல் கணபதி, கணவர் நிரலில் சிவலிங்கம். அப்படி வைத்ததும், மூன்று பெண்களாகத் தெரிந்தவர் ஏன் ஒரே பெண் என்பது தானாகவே விளங்கியது. K யும் G யும் ஒரே கணபதி. அதற்குச் சாட்சி பிறப்புச் சான்றிதழ். S கணவரின் எழுத்து. அதற்குச் சாட்சி விவாகச் சான்றிதழ். முதல் தோட்டத்தின் Letchimi இவர்தான் என்பதற்கு மட்டும் கடதாசி இல்லை. அந்தக் கணக்கில் அடையாள அட்டை இலக்கம் இல்லையே.

அந்த இடைவெளியை எந்த விரிதாளும் நிரப்பாது. முதல் தோட்டத்துக்கு ஆள் போய்ப் பழைய செக்ரோலைப் பார்த்து, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை வேலை செய்தார் என்று தோட்டக் காரியாலயத்தின் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. மூன்று எழுத்தும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. அந்தச் சத்தியக் கடதாசியில் மூன்று எழுத்தையும் ஆவணத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுத வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால், அந்த ஒன்றுக்காகவே இன்னொரு தரம் போக வேண்டும். எமது நிரை அங்கேதான் உதவியது. அதைப் பார்த்து அப்படியே இறக்கினோம். எல்லாம் இப்போது உரிய காரியாலயத்தில் இருக்கின்றன. அந்த அம்மா இன்னும் காத்திருக்கிறார்.

அந்த முதல் படிவத்தில் தகப்பன் பெயரை முழுதாக எழுதியிருந்தால், அல்லது அட்டை கிடைத்தவுடனே அந்த இலக்கத்தை முதல் கணக்கில் சேர்க்கச் சொல்லி யாராவது கடிதம் எழுதியிருந்தால், இன்றைக்கு அவர் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க மாட்டார். அப்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சங்கமும் சொல்லவில்லை.

ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு வேலை வைக்கிறோம். ஒவ்வொரு படிவத்துக்கும் தமிழ்ப் பெயரிலிருந்து புதிதாக ஆங்கிலத்தில் எழுதும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு டிவிசனுக்கு ஒரு பட்டியல். அதை ஒருவர் வைத்திருக்கட்டும். எந்தப் படிவம் வந்தாலும் அதிலிருந்து இறக்குங்கள். தயாரித்ததும் அச்செடுத்து லயத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொருவருக்கும் அவருடைய நிரையை மட்டும் காட்டுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளை ஆவணத்தையும் அச்சையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக வாசிக்கட்டும். முதலில் 50 வயதை நெருங்கும் பெண்களையும் 55 வயதை நெருங்கும் ஆண்களையும் எடுங்கள். அதிலும் தோட்டம் மாறி வந்தவர்களை முதலில் எடுங்கள். அவர்களுக்குத்தான் நேரம் குறைவு, எழுத்தும் அதிகம். அடையாள அட்டை இலக்கங்கள் உள்ள இந்தப் பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது பலர் கையில் திரிய வேண்டிய கடதாசி அல்ல.

தோட்ட நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறோம். புதிதாகப் பேர் பதியும்போது ஆவணத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் பெயர் எழுதாதீர்கள். எழுதியதைத் தொழிலாளிக்குக் காட்டி, பிரதி ஒன்றைக் கையில் கொடுங்கள். ஒரு பெயரைச் சரியாக எழுத ஐந்து நிமிடம் போதும். பிழையாக எழுதியதைத் திருத்த எத்தனை மாதம் ஆகும் என்பது அந்த அம்மாவைக் கேட்டால் தெரியும்.

இந்த இதழை வாசித்து முடித்ததும், வீட்டில் உள்ள அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடதாசி மூன்றையும் எடுத்துப் பாய் மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே எழுத்து என்றால் நல்லது, பத்திரமாக எடுத்து வையுங்கள். ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் இந்த வாரமே உங்கள் தோட்டத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.